பொங்கல் படத்தின் ரிசல்ட் லீவு முடிந்த மறுநாள் மேட்னியில்

வருஷத்தில் 52 வெள்ளிக்கிழமைகள் இருக்கின்றன. ஆனாலும் பெரிய நடிகர்களின் படங்கள் பொங்கல், தமிழ்ப் புத்தாண்டு, ஆகஸ்ட் 15, ஆயுத பூஜை, தீபாவளி என்று நாலைந்து தேதிகளுக்குத்தான் முட்டி மோதுகின்றன. 2014 ஜனவரி 10 அன்று வீரமும் ஜில்லாவும் ஒரே நாளில் வந்தன. 2019 ஜனவரி 10 அன்று பேட்டயும் விஸ்வாசமும். 2023 ஜனவரி 11 அன்று துணிவும் வாரிசும். "ஆளுக்கொரு மாசம் விட்டா ரெண்டு பேருக்கும் நல்லதுதானே, எதுக்கு இப்படி அடிச்சுக்கறாங்க?" என்று சேலத்து டீக்கடையில் கேட்காதவர் கிடையாது. நடிகர்களின் வீம்பு என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். வீம்பும் கொஞ்சம் உண்டுதான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு கணக்கு இருக்கிறது, அது தெரிந்தால் முதல் நாள் விமர்சனங்களை எப்படிப் படிப்பது என்பதும் தானாகப் பிடிபடும்.

தியேட்டர்காரருக்கு விற்க இருக்கும் சரக்கு காலி இருக்கைதான், அதன் விலையை அவர் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. தமிழ்நாட்டில் டிக்கெட் விலைக்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் பெரிய படம் வரும்போது விலையேற்றத் தனி ஆணை போடுவதுண்டு. இங்கே அந்தப் பழக்கம் இல்லை. (முதல் நாள் டிக்கெட்டைக் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள் என்ற புகார் ஒவ்வொரு பண்டிகைக்கும் வரும், அது வேறு கதை.) காட்சிகளின் எண்ணிக்கையும் கையில் இல்லை. வழக்கமாக ஒரு நாளைக்கு நான்கு காட்சிதான். ஐந்தாவது காட்சிக்கு அரசு அனுமதி வேண்டும், அது பெரும்பாலும் பண்டிகை நாட்களுக்குத்தான் கிடைக்கும். 2023 அக்டோபரில் லியோ வந்தபோது, 19 முதல் 24 வரை ஆறு நாளைக்கு ஐந்து காட்சி ஓட்டலாம் என்றும் காலை 9 மணிக்கு முன்னால் தொடங்கக் கூடாது என்றும் அரசு சொன்னது. அந்த 23, 24 தேதிகளில்தான் ஆயுத பூஜையும் விஜயதசமியும் வந்தன.

விலையும் கட்டிப்போட்டது, காட்சியும் கட்டிப்போட்டது என்றால் வருமானத்தைக் கூட்ட ஒரே வழி, இருக்கைகள் நிறையும் நாட்களை அடுக்கடுக்காகப் பெறுவது. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் நான் உதாரணத்துக்கு எடுத்தவை, எந்தத் தியேட்டரின் உண்மைக் கணக்கும் அல்ல. அம்மாபேட்டைப் பக்கம் 600 இருக்கை கொண்ட ஒரு தியேட்டர். நான்கு காட்சி என்றால் ஒரு நாளைக்கு 2,400 டிக்கெட். பண்டிகை இல்லாத வாரத்தில் சுமாரான பேரெடுத்த ஒரு பெரிய படம் வெள்ளியன்று பாதி நிறைகிறது, சனிக்கிழமை 80 சதவீதம், ஞாயிறு 90 சதவீதம். திங்கள் முதல் வியாழன் வரை நாளுக்குக் கால்வாசி. எல்லாவற்றையும் கூட்டினால் 3.2 முழு நாள் ஓடியதற்குச் சமம். அதாவது 7,680 டிக்கெட்.

இனி 2023 பொங்கல் நாட்காட்டியை எடுத்துக்கொள்வோம். படம் வந்தது புதன்கிழமை, 11ஆம் தேதி. 14 போகி, சனிக்கிழமை. 15 பொங்கல், ஞாயிறு. 16 மாட்டுப் பொங்கல், 17 காணும் பொங்கல். 18 புதன்கிழமைதான் ஆபீஸ் திறக்கிறது. அதே தியேட்டரில் முதல் புதன் ரசிகர்களால் 95 சதவீதம், வியாழன் 60, வெள்ளி 65, சனி 90 என்று வைப்போம். பொங்கலன்று காலை வீட்டில் பானை பொங்கும் நேரத்தில் யாரும் படத்துக்குக் கிளம்ப மாட்டார்கள், சாயங்காலத்துக்கு மேல்தான் கூட்டம், ஆகவே 85. மாட்டுப் பொங்கலும் காணும் பொங்கலும் முழு ஹவுஸ்ஃபுல். கூட்டினால் 5.95 முழு நாள். 14,280 டிக்கெட். அதே படம், அதே தியேட்டர், அதே டிக்கெட் விலை. வித்தியாசம் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

மோதலுக்கான விடையும் இந்தக் கணக்குக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு படம் மோதினால் ஊரில் உள்ள திரைகளை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். 5.95இல் பாதி கிட்டத்தட்ட 3. பண்டிகையில்லாத வாரத்தில் எல்லாத் திரையையும் தனியாக வைத்துக்கொண்டு சம்பாதிக்கக்கூடியது 3.2. பாதித் திரையோடு பண்டிகைக்கு வந்தாலும் பெரிய நஷ்டம் இல்லை என்பது இங்கேயே தெரிகிறது. உண்மையில் பாதியைவிடக் கூடவே கிடைக்கும். திரைகள் குறையும்போது வியாழன், வெள்ளி போன்ற சுமாரான நாட்களிலும் இருக்கும் இருக்கைகள் நன்றாக நிறையும். தவிர, ஒரு படத்துக்கு டிக்கெட் கிடைக்காமல் திரும்புகிற குடும்பம் வீட்டுக்குப் போகாது, பக்கத்துத் திரையில் ஓடுகிற படத்துக்குப் போய்விடும். குழந்தைகளுக்குப் புதுத்துணி போட்டுக் கூட்டிக்கொண்டு வந்தாகிவிட்டது, பிறகு என்ன திரும்பிப் போவது?

திரும்பிப் போகாத இந்தக் கூட்டம் எவ்வளவு பெரியது என்பதை 2025 பொங்கல் காட்டியது. அஜித்தின் விடாமுயற்சி பொங்கலுக்கு வரவில்லை என்று கடைசி நேரத்தில் அறிவித்துவிட்டார்கள், படம் பிப்ரவரி 6இல்தான் வந்தது. பொங்கலுக்கு அரசு 17ஆம் தேதி வெள்ளியையும் விடுமுறையாக்கியதில் 14 முதல் 19 வரை தொடர்ந்து ஆறு நாள் லீவு. அந்த இடத்துக்கு ஜனவரி 12 அன்று வந்து உட்கார்ந்தது சுந்தர்.சி இயக்கிய மத கஜ ராஜா. எடுத்துப் பன்னிரண்டு வருஷமாகப் பெட்டியில் கிடந்த படம். யாரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. குடும்பத்தோடு போய்ச் சிரித்துவிட்டு வரலாம் என்கிற ஒரே பேச்சில் தியேட்டர்களை நிறைத்தது. பண்டிகைக் கூட்டத்தில் ஒரு பகுதி நடிகருக்காக வருகிறது. இன்னொரு பகுதி, "எதாச்சும் ஒரு படத்துக்குப் போலாம்" என்று வருகிறது. பின்னதுதான் நாம் நினைப்பதைவிடப் பெரியது.

விநியோகத்தில் சேலம் ஏரியா என்றால் சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேர்ந்தது. பெங்களூரிலும் ஓசூரிலும் திருப்பூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கிற இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் ஊருக்கு வருவது பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான். பள்ளிக்கூடம் லீவு. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறைகள் ஓடாது, குகையில் தறிச் சத்தம் கேட்காது. தீபாவளி என்றால் கையில் போனஸும் இருக்கும். ஏற்காட்டு எஸ்டேட்களில் காப்பிப் பழம் பறிக்கும் சீசன் ஜனவரியை ஒட்டி வரும், அதனால் பொங்கலுக்கு மலையிலும் காசு புழங்கும். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வருகிறவர்கள் மேட்னி பார்த்துவிட்டு, கடைவீதியில் ஒரு சுற்று சுற்றிவிட்டு, இருட்டுவதற்குள் மேலே போகப் பார்ப்பார்கள். ஆகையால் பண்டிகை நாளில் இங்கே மதியக் காட்சியும் மாலைக் காட்சியும் குடும்பங்களுடையவை. காலைக் காட்சியும் இரவுக் காட்சியும் பையன்களுடையவை. இந்தப் பிரிவு விமர்சனப் பேச்சுக்கு வரும்போது உதவும்.

ஒரு சின்ன விஷயம், வெளியூர்க்காரர்களுக்காக. சேலத்துக்காரனைக் கேட்டால் எங்கள் ஊரின் பெரிய திருவிழா ஆடியில் வரும் கோட்டை மாரியம்மன் பண்டிகை என்பான். உள்ளூர் விடுமுறையும் விடுவார்கள். ஊரே தெருவில் இருக்கும். ஆனால் அதற்காக எந்தப் பெரிய படமும் வராது. ஒரு மாவட்டத்தின் லீவை நம்பி உலகம் முழுக்க வெளியாகிற படத்தின் தேதியை வைக்க முடியாதில்லையா? மாநிலம் முழுவதும் ஒரே நேரத்தில் வீட்டிலிருக்கிற நாள்தான் கணக்கில் சேரும். அதனால்தான் தேதிகள் இவ்வளவு குறைவு, அடிதடியும் இவ்வளவு அதிகம்.

சரி, விமர்சனம். பண்டிகை வாரத்தில் விமர்சனம் ஒரே குரலாக வருவதில்லை, மூன்று அலையாக வருகிறது. ஒவ்வொரு அலையிலும் பேசுகிற ஆட்கள் வேறு.

முதல் அலை நாம் பல் தேய்ப்பதற்கு முன்பே வந்துவிடும். வெளிநாட்டில் முந்தின நாளே சிறப்புக் காட்சி போடுவார்கள். கர்நாடகாவிலும் கேரளாவிலும் விடியற்காலைக் காட்சிகள் நடக்கும். இங்கேயும் முன்பு நடந்தன. 2023 ஜனவரி 11 அன்று துணிவுக்கு நள்ளிரவு 1 மணிக்கும் வாரிசுக்கு 4 மணிக்கும் காட்சிகள் போட்டார்கள். அன்று சென்னையில் கொண்டாட்டத்தின்போது லாரியிலிருந்து விழுந்து ஒரு ரசிகர் இறந்தார். அதற்கு முன் 2019 தீபாவளிக்குப் பிகில் வந்தபோது, நம்ம ஏரியாவிலேயே கிருஷ்ணகிரியில், சிறப்புக் காட்சி தாமதமான கோபத்தில் ரசிகர்கள் ரோட்டில் இறங்கிப் பொருட்களை உடைத்தார்கள். இப்போது பெரிய படங்களுக்கு இங்கே முதல் காட்சி 9 மணிக்கு. அதன் விளைவு என்னவென்றால், சேலத்தில் டைட்டில் கார்டு ஓடும்போது பெங்களூரில் படம் முடிந்து ட்வீட்டும் போட்டாகிவிட்டது. "ஃபர்ஸ்ட் ஹாஃப் தீ, செகண்ட் ஹாஃப் லேக்" என்று ஒரு வரி, நாலு எமோஜி. எழுதுகிறவர் ஒன்று அந்த நடிகருக்காக உயிரை விடுகிறவர், இல்லையென்றால் எதிர்முகாமிலிருந்து குறை கண்டுபிடிக்கவே டிக்கெட் வாங்கினவர். மோதல் வருஷங்களில் இரண்டாவது வகை பெருகும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சாதாரண ஆள் அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருக்கிறான்.

இரண்டாவது அலை தியேட்டர் வாசல் மைக். முதல் காட்சியில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், பாதி வசனம் காதில் விழாது. விசில், காகிதம், திரைக்கு முன்னால் ஆட்டம். அந்த உற்சாகம் நிஜம்தான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது நடிகரைப் பார்த்ததற்கான உற்சாகம், கதை பிடித்ததா என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. வெளியே வரும்போது முகத்துக்கு நேராக மைக் நீட்டினால், அரைமணி நேரமாகக் கத்திக்கொண்டிருந்தவன் என்ன சொல்வான்? இதைத் தயாரிப்பாளர்கள் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கிறார்கள். 2024 நவம்பரில் கங்குவா வந்து கடும் விமர்சனங்களை வாங்கியபோது, தியேட்டர் வளாகத்துக்குள் இந்த வாசல் பேட்டிகளை அனுமதிக்கக் கூடாது என்று தயாரிப்பாளர் சங்கம் கோரியது. முதல் மூன்று நாளைக்கு இணையத்தில் விமர்சனமே வரக்கூடாது என்று உயர் நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். அப்படி ஒட்டுமொத்தமாகத் தடை போட நீதிமன்றம் முன்வரவில்லை. மூன்று நாள் என்று அவர்கள் கேட்டதைக் கவனியுங்கள். பண்டிகை வாரத்தில் அந்த மூன்று நாளுக்குள் எவ்வளவு டிக்கெட் போய்விடும் என்பதை மேலே பார்த்தோம்.

மூன்றாவது அலைதான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அது இணையத்திலேயே பாதிதான் இருக்கும். போகி, பொங்கல் நாட்களின் மாலைக் காட்சி பார்த்த குடும்பங்கள் மறுநாள் மாமா வீட்டில், அத்தை வீட்டில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும்போது பேசுவது. "கொழந்தைங்களோட பாக்கலாமா?", "ரெண்டாவது பாதி அடிதடியா?", "சந்தானம் வர்ற சீன் எல்லாம் நல்லாருக்குதாம்." நட்சத்திர மதிப்பெண் எதுவும் இதில் கிடையாது. ஆனால் காணும் பொங்கல் டிக்கெட்டை முடிவு செய்வது இந்தப் பேச்சு. 2019இல் விஸ்வாசம் ஊர்ப்புறத் தியேட்டர்களில் நின்று ஓடியதற்குக் காரணம் முதல் நாள் ட்வீட்கள் அல்ல, அப்பா-மகள் கதை என்று வீட்டுக்கு வீடு போன இந்தப் பேச்சுதான்.

ஆக, லீவு நாட்களில் விமர்சனத்தால் கூட்டம் அவ்வளவாக அசைவதில்லை. மோசம் என்று கேள்விப்பட்டவனும், வேறு படத்துக்கு டிக்கெட் இல்லாததால் போய்விடுகிறான். நல்ல பேர் வாங்கிய படமும், ஏற்கெனவே ஹவுஸ்ஃபுல்லான தியேட்டரில் இன்னும் பத்துப் பேரைக் கூடுதலாக உட்கார வைக்க முடியாது. விமர்சனம் வேலையைக் காட்டுவது லீவு முடிந்த பிறகு. எங்களுக்குத் தெரிந்த ஒரு தியேட்டர் மேனேஜர் அண்ணன் இதை வேறு மாதிரி சொல்வார். பொங்கலன்று போன் பண்ணி "அண்ணே, படம் ஹிட்டாண்ணே?" என்று கேட்டால், "தம்பி, இன்னிக்கு நான் வெறும் திரைய ஓட்டுனாலும் ஹவுஸ்ஃபுல்லு. லீவு முடியட்டும், மறுநாள் மேட்னிக்கு எத்தன பேரு உக்காந்துருக்காங்கன்னு வந்து பாரு" என்பார்.

அவர் சொன்ன மேட்னியை நம் உதாரணத்தில் வைத்துப் பார்த்தால், அது 18ஆம் தேதி புதன்கிழமை மதியம். பையன்கள் காலேஜுக்குப் போய்விட்டார்கள், ஊருக்கு வந்தவர்கள் பெங்களூருக்குத் திரும்பிவிட்டார்கள், நடிகருக்காக வருகிறவர்கள் இரண்டு தடவை பார்த்தாகிவிட்டது. அன்று மதியம் 600 இருக்கையில் 60 பேர் என்றால் படம் லீவோடு முடிந்தது. 200, 250 பேர் என்றால் பேச்சு நன்றாக இருக்கிறது, அடுத்த சனி ஞாயிறுக்கு மறுபடி நிறையும். 2023இல் அதற்கு அடுத்த வாரம் ஜனவரி 26 வியாழனன்று குடியரசு தின லீவு வேறு இருந்தது. வாரநாளைத் தாக்குப்பிடித்த படத்துக்கு அது இரண்டாவது பண்டிகை.

இதை வீட்டிலிருந்தே பார்க்கலாம். டிக்கெட் ஆப்பில் அந்த மேட்னியின் இருக்கை வரைபடத்தை, காட்சி தொடங்கக் கால்மணி நேரம் இருக்கும்போது திறந்து பாருங்கள். இரண்டு எச்சரிக்கை உண்டு. ஓமலூர், ஆத்தூர் போன்ற இடங்களின் ஒற்றைத் திரைத் தியேட்டர்களில் நிறையப் பேர் கவுன்டரில்தான் வாங்குவார்கள், ஆப்பில் காலியாகத் தெரிவது உள்ளே காலியாக இருக்க வேண்டியதில்லை. அதேபோல முதல் நாள் காட்சிகளை ரசிகர் மன்றங்கள் மொத்தமாக எடுப்பதுண்டு, அந்த நாளின் வரைபடம் எதையும் சொல்லாது. இதைவிட ஏமாற்ற முடியாத அடையாளம் ஒன்று உண்டு: அடுத்த வெள்ளிக்கிழமைக்கான காட்சிப் பட்டியல். மல்டிபிளக்ஸில் பெரிய திரையில் ஓடிய படம் சின்னத் திரைக்குப் போயிருக்கிறதா? நான்கு காட்சி இரண்டாகியிருக்கிறதா? அந்த இரண்டு காட்சியும் எந்தப் படத்துக்குப் போயிருக்கிறது? போஸ்டரில் 'மாபெரும் வெற்றி' என்று இரண்டாம் நாளே ஒட்டிவிடுவார்கள், அதற்குச் செலவு காகிதம் மட்டும்தான். திரையை மாற்றுவது அப்படியல்ல, அது தியேட்டர்காரரின் சொந்தக் காசு.

2019 தீபாவளியில் இது அப்படியே நடந்தது. பிகிலுக்குப் பெரும்பாலான திரைகள். அதே அக்டோபர் 25 அன்று வந்த கைதிக்குக் குறைவானவை. நல்ல பேச்சு பரவியதும் கைதிக்குத் திரைகளும் காட்சிகளும் கூடிக்கொண்டே போயின. முதல் நாள் வசூல் சண்டையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது தெரிந்திருக்காது.

தியேட்டர்காரர்கள் இந்த மாற்றத்தில் ஏன் இவ்வளவு வேகம் காட்டுகிறார்கள் என்பதற்குப் பின்னால் பங்குக் கணக்கு இருக்கிறது. பெரிய படத்தின் முதல் வார வசூலில் பெரும்பங்கு விநியோகஸ்தருக்குப் போய்விடும். வாரம் ஆக ஆகத்தான் தியேட்டரின் பங்கு கூடும். லீவில் மட்டும் ஓடி அடங்குகிற படத்தால் தியேட்டருக்குக் கிடைப்பது சின்னப் பங்கும், கேன்டீன், பார்க்கிங் வருமானமும்தான். மூன்றாவது வாரமும் மேட்னி நிறைகிற படம்தான் அவருக்கு லாபம். அதற்குள் நேரமும் ஓடிவிடுகிறது. தமிழ்ப் படங்கள் பலவும் நாலு வாரத்தில் ஓடிடியில் வந்துவிடுகின்றன. பொங்கலுக்கு வந்த படம் பிப்ரவரி பாதியில் வீட்டு டிவிக்கு வந்துவிடும் என்று தெரிந்த குடும்பம், "அப்ப பாத்துக்கலாம்" என்று சொல்லத் தொடங்குவது இரண்டாவது வாரத்திலேயே. அதனால்தான் ஒரு படத்தைத் தூக்கலாமா வைக்கலாமா என்ற முடிவை மேனேஜர் லீவு முடிந்த இரண்டே நாளில், அடுத்த வெள்ளிக்கிழமைப் பட்டியல் போடுவதற்குள் எடுத்துவிடுகிறார்.